கோடிட்ட இடத்துக்கு எத்தனை விடைகள்? ஆங்கிலப் பயிற்சித்தாள் தயாரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயிற்சித்தாள் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். மச், மெனி, ஃபியூ, லிட்டில், சம் ஆகிய ஐந்து சொற்களைக் கொடுத்து, 'ஷி ஹேஸ் ___ ஃப்ரெண்ட்ஸ்' என்ற வாக்கியத்தை நிரப்பச் சொல்லும் வகையிலான வினாவைப் பற்றி எழுதுகிறேன். ஃப்ரெண்ட்ஸ் என்பது எண்ணக்கூடிய பெயர்ச்சொல்லின் பன்மை ஆதலால் மச்சும் லிட்டிலும் பொருந்தா. எஞ்சிய மெனி, ஃபியூ, சம் ஆகிய மூன்றும் இலக்கணப்படி சரியே. விடைக்குறிப்பில் மெனி மட்டும் இருந்தால், ஃபியூ என்று சரியாக எழுதிய மாணவர் மதிப்பெண்ணை இழக்கிறார்.

குறை வாக்கியத்தில் இருக்கிறது. எண்ணக்கூடியதா இல்லையா என்பது மச்சையும் மெனியையும் பிரிக்கும். மெனியையும் ஃபியூவையும் பிரிப்பது சூழல்தான். அதே வாக்கியத்துடன் 'ஸோ ஷி இஸ் லோன்லி' என்று சேர்த்துவிட்டால், தனிமைக்குக் காரணம் நண்பர்கள் மிகக் குறைவு என்பதே ஆகையால், ஃபியூ ஒன்றே பொருந்தும். 'ஸோ ஷி இஸ் நாட் லோன்லி' என்று மாற்றினால் ஃபியூ பொருந்தாது. சிலராவது இருக்கிறார்கள் என்னும் பொருள் தரும் 'அ ஃபியூ' வரும். ஆனால் அங்கே மெனியும் சம்மும்கூடத் தவறாகா. ஆகவே ஃபியூ, அ ஃபியூ இரண்டின் வேறுபாட்டைச் சோதிப்பதானால் தெரிவுகளில் அவ்விரண்டை மட்டும் வையுங்கள். லிட்டில், அ லிட்டில் இணைக்கும் இது பொருந்தும். 'அ' என்ற சிற்றெழுத்தை அச்சில் விட்டுவிடும் தாள்கள் பொருளையே தலைகீழாக்கிவிடுகின்றன.

இன்னொன்று, பெயர்ச்சொல்லின் இறுதியில் எஸ் இருந்தால் மெனி, இல்லையேல் மச் என்று பொருளே அறியாமல் நிரப்பிவிட முடிகிறது. நியூஸ், பீப்பிள் ஆகிய இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். எஸ் இருந்தும் நியூஸுக்கு மச், எஸ் இல்லாமலும் பீப்பிளுக்கு மெனி என்பதால் அந்தக் குறுக்குவழி அடைபடும். மணி என்ற சொல்லும் நல்ல சோதனை. பணத்தை நாம் எண்ணுகிறோம். ஆனால் எண்ணப்படுபவை நாணயங்களும் நோட்டுகளுமே, மணி என்ற ஆங்கிலச் சொல் அன்று. ஆகையால் 'ஹவ் மச் மணி' என்பதே சரி.

மச் வரும் இடங்களைப் பெரும்பாலும் வினாவாகவோ எதிர்மறையாகவோ அமையுங்கள். 'வீ ஹேவ் மச் வாட்டர்' இலக்கணப் பிழை இல்லாவிடினும், இயல்பான பேச்சில் அங்கே 'அ லாட் ஆஃப்' என்பார்கள். மாணவர் அதை எழுதினால் தாள் தவறு என்கிறது. அதேபோல் 'வுட் யூ லைக் ___ டீ?' என்ற உபசரிப்பில் சம் வருவதை, வினாவில் சம் வரக்கூடாது என்ற அரைகுறை விதியைக் காட்டித் தள்ளிவிடாதீர்கள்.

அடுத்த பதிப்புக்கு முன், ஒவ்வொரு கோட்டிலும் ஐந்து சொற்களையும் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து, ஒன்றுக்கு மேற்பட்டவை பொருந்தும் இடங்களில் வாக்கியத்தை நீட்டுங்கள், அல்லது விடைக்குறிப்பில் அனைத்தையும் தாருங்கள் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில ஆசிரியர்