கழுத்தில் நூல் ஏறும்வரை: என் நாவலுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

கோத்தகிரிப் பக்கத்தில், நீலகிரிப் படகர் மக்கள் ஹட்டி என்று சொல்லும் அவர்களுடைய ஊர் ஒன்றில் இருக்கும் பாட்டிக்கும், அவர் பேசியதை எனக்குத் தமிழில் எடுத்துச் சொன்ன பேத்திக்கும், ஊட்டி நீலகிரி நூலகத்தில் பழைய தொகுதிகளைப் பொறுமையாக எடுத்துத் தந்தவர்களுக்கும், ஊருக்குக் கடைசி பஸ் போன பிறகு என்னைத் தன் ஜீப்பில் ஏற்றிக்கொண்ட அண்ணனுக்கும் இந்த மடல்.

1890-களில் ஒரு படகர் பையனும் பெண்ணும் காதலிக்கும் கதை எழுதுகிறேன் என்று வந்தபோது நான் முதலில் கேட்ட கேள்வி, இவர்கள் எங்கே சந்தித்திருப்பார்கள் என்பதுதான். ஊருணிக் கரையில் குடத்தோடு வந்தாள், அவன் பார்த்தான் என்று எழுதுவது சுலபம். ஆனால் ஒரே ஹட்டிக்காரர்கள் அண்ணன் தங்கை முறை, அங்கே காதலே கிடையாது என்று பாட்டி முதல் ஐந்து நிமிடத்திலேயே முடித்துவிட்டார். அப்படியானால் வெளியூர்ப் பெண்ணைத்தான் பார்க்க வேண்டும். எங்கே? படகர்கள் கும்பிடும் ஹெத்தை அம்மன் பண்டிகையில், கோத்தகிரி சந்தையில், அப்புறம் (இதை நான் எதிர்பார்க்கவே இல்லை) சாவு வீட்டில். அந்தக் காலத்தில் பெரிய சாவு என்றால் பல ஊர்ச் சனம் கூடும், வாத்தியம் வாசிக்க ஆட்டமும் உண்டு. என் கதாநாயகன் அவளை முதலில் பார்ப்பது இப்போது அப்படி ஒரு கூட்டத்தில்தான். யாரும் யாரையும் முறைத்துப் பார்க்கக் கூடாத இடம் என்பதால் அந்தக் காட்சிக்குத் தானாகவே ஒரு இறுக்கம் வந்துவிட்டது.

நூலகத்தில், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எட்கர் தர்ஸ்டன் எழுதிய 1909 தொகுதிகளில் முதலாவதைப் புரட்டினேன். அதில் படகர் பகுதி நீளமாகவே இருக்கிறது. அதைத்தான் பாட்டியிடம் கொண்டுபோய் வரிவரியாகக் கேட்டேன். மணப்பெண் புகுந்த வீட்டுக்கு வந்து, பெரியவர்கள் காலில் விழுந்து ஆசி வாங்கி, ஓடைக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவருவாள். அன்றைக்குச் சடங்கு அவ்வளவுதான், ஆனால் கல்யாணம் இன்னும் உறுதியாகவில்லை. அவள் கர்ப்பமாகி ஏழாவது மாதம் வரும்போதுதான் ஊர் கூடிய முன்னிலையில் கணவன் மாமனாரைப் பார்த்து, உங்கள் மகள் கழுத்தில் இந்த நூலைப் போடட்டுமா என்று கேட்பான். அவர் சரி என்றால் போடுவான், கொஞ்ச நேரத்தில் கழற்றியும் விடுவார்கள். எதிரே இரண்டு பாத்திரங்கள் வைத்திருக்கும். ஒன்றில் மாப்பிள்ளை வீட்டார் காசு போடுவார்கள், மற்றதில் பெண் வீட்டார். அந்த நூலுக்குப் பிறகுதான் அது கட்டுப்பட்ட கல்யாணம். அதுவரை ஒத்துவரவில்லை என்றால் பெண் தன் அப்பன் வீட்டுக்குத் திரும்பலாம், வேறு இடத்தில் வாழ்க்கைப்படலாம், பெரிய அவப்பெயர் இல்லை.

எனக்குக் கதையின் முடிச்சே இங்கேதான் கிடைத்தது. சினிமா வழக்கப்படி தாலியில் கதை முடியும், இங்கே தண்ணீர்க் குடத்தில் கதை தொடங்குகிறது! ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு, இவள் தங்குவாளா என்று அவனும், இவன் நூலைக் கேட்பானா என்று அவளும் மாதக்கணக்கில் ஒருவரையொருவர் கவனித்துக்கொண்டிருக்கும் காலம் அது. காதல் கதைக்கு அதைவிட என்ன வேண்டும்?

ஒன்றைச் சொல்ல வேண்டும். பாதிரிமார்களும் அதிகாரிகளும் இந்தத் திரும்பிப் போகும் உரிமையை ஒழுக்கக் குறைவு போல எழுதி வைத்திருக்கும் இடங்கள் உண்டு. அவர்கள் கண்ட சடங்கை எடுத்துக்கொண்டேன், அவர்களுடைய முகச்சுளிப்பை விட்டுவிட்டேன். பெண்ணுக்குச் சீர் கொடுத்து அனுப்பாமல், மாப்பிள்ளை வீடே பணம் கொடுத்து அழைத்துவரும் வழக்கம் இருந்ததால், அவள் திரும்பினால் அந்தப் பணக் கணக்கும் கூடவே எழும் என்பதைப் பேத்தி எடுத்துச் சொன்ன பிறகு, மாமனார் அந்த 'சரி'யைச் சொல்ல ஏன் தயங்குவார் என்பதும் எனக்குப் புரிந்தது. நாவலில் அவர் இரண்டு பக்கம் தயங்குகிறார்.

பாட்டி, குடத்தை எந்த இடுப்பில் வைப்பது, நெற்றியில் குத்திய பச்சை தெரியும்படி தலைத்துணியை எப்படிக் கட்டுவது என்று எழுந்து நின்றே காட்டினீர்களே, மூட்டுவலியோடு. அதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

படகருக்குள்ளேயே உடையார் பிரிவில் வழக்கம் வேறு மாதிரி என்று சொன்னீர்கள், அதனால் அவர்கள் வரும் அத்தியாயத்தை இன்னும் யாருக்கும் காட்டவில்லை. ஜனவரியில் ஹெத்தை பண்டிகைக் கூட்டம் கலைந்த பிறகு அச்சுத்தாளோடு வருகிறேன், பேத்தியை அன்றைக்கு வீட்டில் இருக்கச் சொல்லுங்கள், கேள்வி நிறைய இருக்கிறது.