சம்பளம் 21,000 தாண்டியவர்கள் கவனத்துக்கு

வணக்கம். அம்பத்தூர் யூனிட்டில் ஜூலை மாதம் சிலருக்குச் சம்பளம் 20,500-லிருந்து 22,000 ஆகியிருக்கிறது. உடனே இஎஸ்ஐ போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வரம்பு 21,000தான், ஆனால் ஏப்ரலில் வரம்புக்குள் இருந்தவருக்கு செப்டம்பர் 30 வரை பிடித்தம் தொடர வேண்டும், அதுவும் முழு 22,000-க்கும்: 165 ரூபாய். சம்பளச் சீட்டில் அந்தப் பிடித்தம் இருக்கிறதா பாருங்கள். ஜூலையிலேயே காணாமல் போயிருந்தால் ஹெச்ஆரிடம் கேளுங்கள். ஓவர்டைம் பணத்தை இந்த வரம்புக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இந்த ஆறு மாதப் பிடித்தத்துக்கான நோய்க்கால உதவி அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை கிடைக்கும். அதற்கு இந்த ஆறு மாதத்தில் 78 நாட்களுக்காவது பிடித்தம் கட்டியிருக்க வேண்டும். தொகை சராசரி நாள் சம்பளத்தில் 70 சதவீதம். நாளுக்கு 700 என்றால் 490. பத்து நாள் டைபாய்டில் படுத்தால் முதல் இரண்டு நாள் கணக்கில் வராது, மீதி எட்டு நாளுக்கு 3,920 ரூபாய்.

முக்கியமாக, காய்ச்சல் என்றதும் முதல் நாளே உங்கள் இஎஸ்ஐ டிஸ்பென்சரிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். தெருமுனை கிளினிக் சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு பிறகு போனால் பணம் வாங்குவது பெரும்பாடு.