இரண்டு வேக வரம்புகளைக் கூட்டி இரண்டால் வகுக்கக் கூடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சராசரி வேகக் கேமராக்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரு கேமராவைக் கண்டதும் பிரேக் போட்டுவிட்டு, தாண்டியதும் மறுபடி விரட்டுகிறவர்களை இந்த முறை எப்படிப் பிடிக்கிறது என்பதைக் கட்டுரையாளர் நன்றாகவே விளக்கியிருக்கிறார். ஆனால் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்த கணக்கு தப்பு. “அளவிடும் தூரத்துக்குள் 100, 40 என்று இரண்டு வேக வரம்புகள் இருந்தால், இரண்டின் சராசரியான 70-தான் அந்தப் பகுதிக்கு வரம்பு” என்று அதில் இருக்கிறது. பல ஆண்டுகள் சாலை அளவைப் பணியில் இருந்தவன் என்பதால், இதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

இந்தக் கேமராக்கள் வேகத்தை நேரடியாக அளப்பதே இல்லை. முதல் கேமரா நம்பர் பிளேட்டைப் படித்து நேரத்தைக் குறித்துக்கொள்கிறது. கடைசிக் கேமராவும் அதையே செய்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் முன்கூட்டியே அளந்து வைக்கப்பட்டது. ஆக, வண்டிக்கு வண்டி மாறுவது நேரம் ஒன்றுதான். அதனால் வரம்பையும் நேரமாகவே பார்ப்பதுதான் சரி: எந்த இடத்திலும் விதியை மீறாமல் இந்தத் தூரத்தைக் கடக்கக் குறைந்தது எத்தனை விநாடி ஆகும்? அதற்கும் முன்னால் ஒரு வண்டி மறுமுனைக்கு வந்துவிட்டால், நடுவில் எங்கோ வரம்பை மீறியிருக்கிறது. இதற்குச் சாட்சி தேவையில்லை, கணக்கே போதும்.

கட்டுரையில் சொன்ன வரம்புகளையே எடுத்துக்கொண்டு, மொத்தம் 12 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் 8 கிலோமீட்டரில் வரம்பு மணிக்கு 100. அடுத்த 4 கிலோமீட்டரில் 40. நூறில் 8 கிலோமீட்டர் போக 288 விநாடி. நாற்பதில் 4 கிலோமீட்டர் போக 360 விநாடி. கூட்டினால் 648 விநாடி, அதாவது 10 நிமிடம் 48 விநாடி. தூரத்தில் மூன்றில் ஒரு பங்காக இருக்கும் மெதுவான பகுதிதான் நேரத்தில் பெரிய பங்கை எடுத்துக்கொள்கிறது என்பதைக் கவனியுங்கள். 12 கிலோமீட்டரை 648 விநாடியில் கடந்தால் சராசரி மணிக்கு 66.7 கிலோமீட்டர். இதுதான் உண்மையான வரம்பு, 70 அல்ல.

“சாதாரணச் சராசரி வேண்டாம், தூரத்துக்கு ஏற்ற எடை கொடுத்துப் பார்க்கலாமே” என்று சிலர் சொல்லக்கூடும். 8 கிலோமீட்டருக்கு 100, 4 கிலோமீட்டருக்கு 40 என்று அப்படிப் போட்டால் 80 வருகிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் 80-இல் போனால் 540 விநாடியில் மறுமுனைக்கு வந்துவிடலாம். அதாவது 108 விநாடி இலவசம். நாற்பது என்று பலகை வைத்த இடத்தை ஏறக்குறைய 57 வேகத்தில் தாண்டினாலும் இந்தக் கணக்கில் அது குற்றமாகாது. வரம்புகளுக்குத் தூரத்தை எடையாகக் கொடுப்பது எப்போதுமே இப்படி ஓட்டுநருக்குச் சலுகையாகத்தான் முடியும். எடையாக நிற்க வேண்டியது தூரம் அல்ல, ஒவ்வொரு பகுதியிலும் செலவாகும் நேரம்.

உங்கள் கட்டுரையின் கணக்கு இதைவிட மோசம். அது ஒரு பக்கமாகக்கூடச் சாயாது. மேலே சொன்ன சாலையில் அது மீறியவரை விட்டுவிடுகிறது. இப்போது அதே 12 கிலோமீட்டரில் 11 கிலோமீட்டருக்கு வரம்பு 100, ஒரே ஒரு கிலோமீட்டருக்கு மட்டும் 40 என்று வைத்துப் பாருங்கள். 396 விநாடியும் 90 விநாடியும் சேர்ந்து 486 விநாடி. ஒரு பலகையைக்கூட மீறாமல் வந்தவரின் சராசரி 88.9. கட்டத்தில் சொன்னபடி வரம்பு 70 என்று வைத்தால், இந்த ஒழுங்கான மனிதருக்கு அபராத நோட்டீஸ் போகும்! ஒரே சூத்திரம் ஓரிடத்தில் குற்றவாளியைத் தப்ப விடுகிறது, இன்னோரிடத்தில் நிரபராதியைப் பிடிக்கிறது.

சரி, நேரத்தை வைத்துப் பார்ப்பது குறையே இல்லாத முறையா? இல்லை. அதையும் சொல்ல வேண்டும். முதலில் சொன்ன சாலையில் ஒருவர் 100 வரம்புள்ள 8 கிலோமீட்டரை 64-இல் நிதானமாக உருட்டிக்கொண்டு வருகிறார். அதற்கு 450 விநாடி. பிறகு 40 வரம்புள்ள பகுதியில் 72-இல் பாய்கிறார். அதற்கு 200 விநாடி. மொத்தம் 650. குறைந்தபட்ச நேரத்தைவிட 2 விநாடி அதிகம், எனவே கேமராவைப் பொறுத்தவரை அவர் நல்ல பிள்ளை. ஆனால் 40 என்று வைத்த இடம் அநேகமாக ஆட்கள் சாலையைக் கடக்கும் இடமாகவோ, வேலை நடக்கும் இடமாகவோ இருக்கும். காப்பாற்ற நினைத்த இடத்திலேயே முறை தோற்றுவிடுகிறது.

நேரம் குறைந்தால் மீறல் நடந்தது உறுதி. நேரம் குறையவில்லை என்பதால் மீறல் நடக்கவில்லை என்று ஆகிவிடாது. நடுவில் வண்டியை ஓரங்கட்டி ஐந்து நிமிடம் நின்றவருக்கும் இதே கதைதான். அதோடு இரண்டு வரம்புகள் கலந்த தூரத்தில் நேரம் குறைந்திருந்தால்கூட, மீறியது எந்தப் பகுதியில் என்று சொல்ல முடியாது. “40 இருக்கும் இடத்தில் வேகமாகப் போனீர்கள்” என்று நோட்டீஸில் எழுத ஆதாரம் கிடையாது. முழுத் தூரத்துக்குமான சராசரியை மீறியதையே குற்றமாகச் சட்டம் தனியாக வரையறுத்திருந்தால்தான் அந்த வழக்கு நிற்கும்.

இதற்குத் தீர்வு சிரமமானதல்ல. வரம்பு மாறும் இடத்தில், பலகையை ஒட்டியே, இன்னொரு கேமரா வைக்க வேண்டும். அப்போது 8 கிலோமீட்டருக்கு 288 விநாடி, 4 கிலோமீட்டருக்கு 360 விநாடி என்று இரண்டு தனித்தனிக் கணக்குகள் ஆகிவிடும். 200 விநாடியில் வந்தவர் தப்ப முடியாது. பலகைக்குப் பல நூறு மீட்டர் தள்ளி, கம்பம் நட வசதியான இடத்தில் வைத்தால், பழையபடி ஒரு பகுதிக்குள் இரண்டு வரம்புகள் வந்துவிடும்.

அடுத்தது தூரம். என் வேலை சம்பந்தப்பட்டது என்பதால் இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன். “12 கிலோமீட்டர்” என்கிறார்களே, எந்த 12 கிலோமீட்டர்? சாலையின் நடுக்கோட்டிலா, வெளி ஓரத்திலா, உள் ஓரத்திலா? 90 டிகிரி திரும்பும் ஒரு வளைவில், ஒரு தடம் உள்ளே தள்ளி, அதாவது மூன்றரை மீட்டர் உள்ளே ஒட்டிப் போகிறவருக்கு ஐந்தரை மீட்டர் மிச்சம். வளைவின் ஆரம் பெரியதா சிறியதா என்பது இதில் முக்கியமே இல்லை, எவ்வளவு திரும்புகிறது என்பதுதான் கணக்கு. இடமும் வலமுமாக வளைந்து போகும் சாலையில் ஒவ்வொரு வளைவிலும் உள் ஓரத்தைப் பிடிக்கிறவருக்கு இது கூடிக்கொண்டே போகும். நடுக்கோட்டு நீளம் 12,000 மீட்டராக இருக்க, அவர் ஓட்டியது 11,960 மீட்டராக இருக்கலாம். நடுக்கோட்டை வைத்துக் கணக்குப் போட்டால் அவர் போகாத 40 மீட்டருக்கும் சேர்த்து வேகம் ஏறிவிடும். அதனால்தான் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் போன்ற இடங்களில், ஒரு வண்டி முறைப்படி ஓட்டக்கூடிய மிகக் குறுகிய பாதையையே அளந்து எடுத்துக்கொள்கிறார்கள். அதைவிட நீளமான தடத்தில் வந்தவருக்கு அந்த வித்தியாசம் சலுகையாகிவிடும். மிகக் குறுகிய பாதையை வைத்தும் நேரம் போதவில்லை என்றால், வாதாட இடமில்லை.

கடிகாரத்திலும் இதே கொள்கைதான் இருக்க வேண்டும். 10:14:05-க்கு நுழைந்த வண்டி 10:24:35-க்கு வெளியேறியதாகப் பதிவு என்றால், வித்தியாசம் 630 விநாடி. ஆனால் பதிவில் முழு விநாடி மட்டும் இருந்தால், உண்மையான நேரம் கிட்டத்தட்ட 631 விநாடி வரைகூட இருக்கலாம். அந்த ஒரு விநாடியை ஓட்டுநர் பக்கம் கொடுத்துவிடுங்கள். கொடுத்தாலும் 648-க்கு 17 விநாடி குறைவு, மீறல் மீறல்தான். நீண்ட தூரத்தில் இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் வேலை நடக்கும் இடங்களில் 500 மீட்டர் இடைவெளியில் கேமரா வைத்து, வரம்பு 40 என்றால், மொத்தமே 45 விநாடிதான். அங்கே ஒரு விநாடி என்பது இரண்டு சதவீதத்துக்கும் மேல். முதல் கேமரா பிளேட்டைப் பத்து மீட்டர் முன்னாலோ பின்னாலோ படித்துவிட்டால் இன்னொரு இரண்டு சதவீதம். இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்தால், சரியாக 40-இல் வந்தவரைக் கிட்டத்தட்ட 42 என்று காட்டும். தூரம் குறையக் குறைய, இரண்டு கேமராக்களின் கடிகாரமும் ஒன்றோடொன்று எவ்வளவு இசைந்து ஓடுகின்றன என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அபராத நோட்டீஸ் வந்தவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கடிகாரங்களைச் சரிபார்த்த தேதியைத்தான், படத்தில் வண்டியின் நிறத்தை அல்ல.

அறிவிப்பில் வெறும் சராசரி வேகத்தை மட்டும் போட்டு அனுப்புவது போதாது என்பது என் கருத்து. எடுத்துக்கொண்ட குறுகிய தூரம் எத்தனை மீட்டர், ஒவ்வொரு வரம்புக்கும் எத்தனை மீட்டர், அதற்கான குறைந்தபட்ச நேரம் எத்தனை விநாடி, இந்த வண்டி எடுத்துக்கொண்டது எத்தனை விநாடி என்று எழுதினால், பள்ளியில் படிக்கிற பிள்ளைகூட வகுத்துப் பார்த்துச் சரியா என்று சொல்லிவிடும். “உங்கள் சராசரி 68.6” என்று மட்டும் எழுதினால், வழியில் 100 என்று பலகையைப் பார்த்த ஓட்டுநருக்குக் கோபம்தான் வரும். “648 விநாடி ஆகியிருக்க வேண்டும், நீங்கள் 630-இல் வந்துவிட்டீர்கள்” என்றால் விஷயம் புரியும்.

அந்தக் கட்டத்துக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட்டால் நல்லது. அதில் 70 என்று இருப்பதை மாற்றி, இரண்டு பகுதிகளின் நீளத்தையும் சேர்த்து வெளியிட வேண்டும். நீளம் தெரியாமல் வெறும் 100, 40 என்ற இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கை யாராலும் போட முடியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சாலை அளவையாளர் ஒருவர்