‘வாடிக்கையாளர் வீட்டில் இல்லை’ என்று பதிவான பார்சல்: நேரத் தேர்வுக் குறுஞ்செய்தி குறித்த புகார்

அனுப்புநர்:
பார்சல் பெறுநரின் மகன்,
ஈரோடு.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: டெலிவரி நேரத்தைத் தேர்வு செய்யச் சொல்லும் குறுஞ்செய்தி, தேர்ந்தெடுத்த நேரத்தில் நீங்கள் வராததை எங்கள் தவறாகப் பதிவு செய்தது, அதனால் மருந்து பாழானது.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். ஒரு ஜவுளிக் கடையில் ஆன்லைன் ஆர்டர்களைப் பார்சல் போட்டு அனுப்பும் பொறுப்பில் இருக்கிறேன். கூரியர் வேலை எப்படி நடக்கிறது என்பது எனக்குத் தெரியும். வண்டி தாமதமாகும், ஆள் வர மாட்டார், மழை பெய்யும். தாமதத்துக்காக மட்டும் இந்தக் கடிதத்தை எழுதவில்லை. தாமதமானதும் உங்கள் கணினி அதை யார் தலையில் எழுதியது என்பதுதான் என் புகார்.

பார்சலில் இருந்தது என் அப்பாவுக்கான இன்சுலின் கார்ட்ரிட்ஜ். அந்த வகை எங்கள் பக்கத்து மருந்துக் கடைகளில் அந்த வாரம் கிடைக்காததால் சென்னையிலிருந்து வரவழைத்தோம். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். அதனால் அனுப்பியவர்கள் தெர்மோகோல் பெட்டியில் ஜெல் பாக்கெட்டுகளை அடுக்கி, வியாழன் இரவு 9 மணிக்குக் கட்டியதாகவும் குளிர் 48 மணி நேரம் தாங்கும் என்றும் மேலேயே ஒட்டியிருந்தார்கள். அதாவது சனி இரவு 9 மணி வரைக்கும்தான் கணக்கு.

வெள்ளி மாலை உங்களிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. நாளை டெலிவரி, காலை 10–1, மதியம் 1–4, மாலை 4–7 ஆகியவற்றில் ஒன்றைக் கீழே உள்ள இணைப்பில் தேர்வு செய்யுங்கள், நேரம் தவறினால் மறு முயற்சி செய்யப்படும், மூன்று முயற்சிகளுக்குப் பின் பார்சல் அனுப்பியவருக்கே திரும்பும் என்று இருந்தது. அவ்வளவுதான். பார்சல் எண் இல்லை, அனுப்பியவர் பெயர் இல்லை, இணைப்பு மட்டும் சுருக்கப்பட்ட முகவரியாக இருந்தது.

அப்பா அதைத் தொடவில்லை. எனக்கு அனுப்பி ‘இது நிஜமாடா?’ என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ‘உங்கள் முகவரி சரியில்லை, 48 மணி நேரத்துக்குள் திருத்துங்கள்’ என்று அஞ்சல் துறையின் பெயரிலேயே போலிச் செய்திகள் வந்து, அவற்றைத் தொட வேண்டாம் என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் எச்சரித்திருக்கிறது. அப்படிப்பட்ட போலி இணைப்புகளில் மறு டெலிவரிக்கு ஐந்து, பத்து ரூபாய் கட்டச் சொல்லி கார்டு விவரத்தை வாங்கிவிடுகிறார்கள். உங்கள் செய்தி பார்ப்பதற்கு அந்தப் போலிகளைப் போலவே இருக்கிறது. நான் மருந்து அனுப்பியவர்களிடம் பார்சல் எண்ணை வாங்கி, உங்கள் தளத்தில் தனியாகப் போட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் காலை 10–1 என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அந்த நேரத்தில் வந்திருந்தால் பெட்டி கட்டி 40 மணி நேரம்தான் ஆகியிருக்கும். மருந்து பத்திரமாகக் கைக்கு வந்திருக்கும்.

சனிக்கிழமை வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தேன். ஒரு மணி வரை யாரும் வரவில்லை. உங்கள் சேவை எண்ணுக்குப் பேசியபோது ‘மாலைக்குள் வந்துவிடும்’ என்றார்கள். உள்ளே இருப்பது குளிரில் வைக்க வேண்டிய மருந்து, நானே கிடங்குக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றேன். பார்சல் வண்டியில் ஏறிவிட்டது, அதனால் கிடங்கில் தர முடியாது என்றார்கள். மாலை 6.52க்கு அடுத்த செய்தி வந்தது. ‘டெலிவரி முயற்சி தோல்வி. வாடிக்கையாளர் வீட்டில் இல்லை. அடுத்த முயற்சி திங்கட்கிழமை.’

எங்கள் குடியிருப்பில் வெளியாள் யார் வந்தாலும் வாட்ச்மேன் அண்ணன் கேட்டில் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவார். அந்தச் சனிக்கிழமைப் பக்கத்தைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். கேஸ் சிலிண்டர், தண்ணீர் கேன், 11.10க்கு வேறொரு கூரியர் நிறுவனத்தின் ஆள், மாலையில் மூன்றாம் மாடிக்கு வந்த விருந்தாளிகள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். உங்கள் ஆள் இல்லை. எங்கள் இருவர் போனிலும் தவறிய அழைப்பு எதுவும் இல்லை; அந்தத் திரைகளின் படமும் இத்துடன் இருக்கிறது.

திங்கள் பிற்பகல் மூன்று மணிக்குப் பார்சல் வந்தது. கட்டி 90 மணி நேரம் ஆகியிருந்தது. வந்த தம்பியின் முன்னாலேயே பெட்டியைத் திறந்தேன். ஜெல் பாக்கெட்டுகள் தண்ணீராகி வெதுவெதுப்பாக இருந்தன. இடையில் இருந்தது ஏப்ரல் வெயில். வெப்பத்தில் வீரியம் குறைந்த இன்சுலினைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, நிறம் மாறாமல் தெளிவாகவே இருக்கலாம். ஊசி போட்டும் சர்க்கரை இறங்காதபோதுதான் தெரியும். எழுபது வயதுக்காரரின் உடம்பில் அந்தச் சோதனையைச் செய்ய நாங்கள் தயாராக இல்லை. ஓடிபி சொல்லாமல் பார்சலைத் திருப்பி அனுப்பினோம்.

அப்போது அந்தத் தம்பி தன் போனை எனக்குக் காட்டினார். டெலிவரி ஆகாத பார்சலுக்கு அவர் ஒரு காரணத்தைத் தொட்டாக வேண்டும். வீடு பூட்டியிருந்தது, போன் எடுக்கவில்லை, முகவரி தவறு, வேறு நாள் கேட்டார், பணம் தயாராக இல்லை, வாங்க மறுத்தார். பட்டியலில் இருப்பது இவ்வளவுதான். ‘ராத்திரி எல்லாத்தையும் மூடிட்டுத்தான் சார் ஹப்புக்குப் போக முடியும். டைம் பத்தலைன்னு போட இதுல இடமே இல்ல’ என்றார். சனிக்கிழமை எங்கள் பகுதிக்கு வந்தவர் இவர் இல்லை. இவர் மீதோ அவர் மீதோ நடவடிக்கை எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை, எடுக்கவும் கூடாது. அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு காரணமும் வாங்குபவர் பக்கத்தது. நிறுவனத்தால் வர முடியவில்லை என்று உண்மையைச் சொல்ல வழியே வைக்காவிட்டால், கையில் மிச்சம் பார்சலோடு இருக்கும் மனிதர் எதையாவது தொடத்தான் செய்வார். எங்கள் பார்சலை இரண்டாவது முறை ‘வாங்க மறுத்தார்’ என்றுதான் மூட வேண்டியிருந்தது. பெட்டி சூடாகி வந்தது எந்தப் பதிவிலும் இல்லை.

இந்தப் பொய்ப் பதிவு எங்கே போய் முடிகிறது என்பதை நான் தினமும் என் வேலையில் பார்க்கிறேன். ‘வீட்டில் இல்லை’ என்று பதிவானதும் அனுப்பிய கடைக்கு டெலிவரி ஆகாத பார்சல் பட்டியலில் அது வந்து நிற்கும். கடைக்காரர் குறித்த நேரத்துக்குள் ‘மறுபடி முயற்சி செய்யுங்கள்’ என்று பதில் போட வேண்டும். போடாவிட்டால் பார்சல் திரும்பும்; திரும்பும் கூலியும் கடைக்காரர் கணக்கில் ஏறும். வாங்குபவர் காத்துக்கொண்டிருந்தார் என்பது கடைக்காரருக்குத் தெரியாது. ஆர்டர் போட்டுவிட்டு ஏமாற்றுகிறார் என்றே நினைப்பார். அடுத்த முறை அந்த எண்ணுக்குப் பார்சலை வாங்கும்போது பணம் கொடுக்கும் வசதியை நிறுத்தும் கடைகளும் உண்டு.

இனி உங்கள் செய்திக்கே வருகிறேன். நேரம் தவறினால் என்ன ஆகும் என்று சொல்லும் அந்த வரி, நாங்கள் இல்லாமல் போவதையும் நீங்கள் வராமல் போவதையும் ஒன்றாக்கிவிடுகிறது. இரண்டுக்கும் ஒரே விளைவு: மூன்று வாய்ப்பில் ஒன்று போய்விடும். நேரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நாங்கள் வேலையை விட்டுவிட்டு அந்த நேரத்தில் வீட்டில் இருக்கிறோம். அந்த வாக்கை நாங்கள் காப்பாற்றிய பிறகும் எங்கள் வாய்ப்பைக் குறைப்பது எந்த வகையில் சரி? அதோடு, காலை 10–1 என்று பதிவான பார்சலை மாலை 6.52க்கு ‘வீட்டில் இல்லை’ என்று மூடுவதை உங்கள் கணினி தடுக்கவில்லை. தேர்ந்தெடுத்த நேரத்துக்கு வெளியே, வாசலுக்கு வராமல், ஓர் அழைப்புகூடச் செய்யாமல் அந்தக் காரணத்தைத் தொட முடியாதபடி செய்வது பெரிய வேலை அல்ல. டெலிவரி செய்பவரின் செயலியில் இருப்பிடமும் அழைப்பும் ஏற்கெனவே பதிவாகின்றன என்று உங்கள் சேவை எண்ணில் பேசியவரே சொன்னார்.

இரண்டாவது முயற்சிக்கு நேரம் தேர்வு செய்யும் இணைப்பே வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதல் முறை உரிமை, அடுத்த முறை உங்கள் இஷ்டம் என்றால் திங்கட்கிழமை முழுவதும் ஒருவர் வீட்டோடு கிடக்க வேண்டியதாகிறது.

செய்தி எப்படி இருந்திருக்க வேண்டும் என்று நானே எழுதிப் பார்த்தேன்:

‘பார்சல் எண் இது. அனுப்பியவர் இன்ன மருந்தகம். நாளை சனி. காலை 10–1, மதியம் 1–4, மாலை 4–7: இன்று இரவு 8க்குள் ஒன்றைத் தேர்வு செய்யுங்கள். தேர்வு செய்யாவிட்டால் காலை 10 முதல் மாலை 7க்குள் எப்போது வேண்டுமானாலும் வருவோம். வந்ததும் போன் செய்து 10 நிமிடம் காத்திருப்போம். அப்போதும் நீங்கள் இல்லாவிட்டால் அது ஒரு முயற்சியாகக் கணக்கிடப்படும். அடுத்த நேரத்தை நீங்களே தேர்வு செய்யலாம். எங்களால் அந்த நேரத்தில் வர முடியாவிட்டால் அது கணக்கில் சேராது. அன்றே கிடங்கில் வாங்கிக்கொள்ளலாம். கிடங்கின் முகவரி, நேரம் இவை. இதற்குப் பணம் எதுவும் கேட்க மாட்டோம்.’

இதைத் தமிழில் அனுப்பினால் என் அப்பாவே படித்துத் தேர்வு செய்வார்.

நான் கேட்பது இவை. சனிக்கிழமைப் பதிவை ‘நிறுவனத்தால் வர முடியவில்லை’ என்றும், திங்கட்கிழமைப் பதிவை ‘குளிர் கெட்டுப்போனதால் திருப்பப்பட்டது’ என்றும் திருத்தி, அதை மருந்து அனுப்பியவர்களுக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சனி மாலை 6.52க்கு அந்தப் பதிவு போடப்பட்ட இடத்தின் விவரத்தை எனக்குத் தர வேண்டும். மருந்தின் விலையையும் அனுப்பும் கூலியையும் திருப்பித் தர வேண்டும். காரணப் பட்டியலில் உங்கள் பக்கக் காரணத்தைச் சேர்ப்பீர்களா, மாட்டீர்களா என்று நேராகப் பதில் சொல்ல வேண்டும்.

‘எங்கள் ஒப்பந்தம் அனுப்பியவரோடுதான், உங்களோடு இல்லை’ என்று தொலைபேசியில் ஒருவர் சொன்னார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பணம் கொடுத்தவரின் சம்மதத்தோடு சேவையின் பயனைப் பெறுபவரையும் நுகர்வோர் என்றே சொல்கிறது. பார்சல் என் அப்பாவின் பெயரில் வந்தது. 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, ஈரோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். இவ்வளவு சிறிய தொகைக்கு அங்கே கட்டணம் இல்லை.

இணைப்பு: குறுஞ்செய்திகளின் படங்கள், கேட் நோட்டின் பக்கம், அழைப்புப் பட்டியல், பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு, திறந்த பெட்டியின் படம், மருந்து பில்.

இப்படிக்கு,
பார்சல் பெறுநருக்காக,
அவருடைய மகன்.