குழுவில் வந்த இரண்டு செய்திகள்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். குளிர் பழகிவிட்டது, மொழிதான் இன்னும் முழுசாக வசப்படவில்லை. உன் பிரிவுக்குப் புது லீடரைப் போடப் போவதாகவும், அதைக் குழுவில் எப்படி எழுதுவது என்று யோசிப்பதாகவும் போனில் சொன்னாயே. போன மாதம் இங்கே எங்களுக்கும் அதுதான் நடந்தது. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

நான் வேலை பார்க்கும் கிடங்கில் பேக்கிங் பிரிவில் 14 பேர். பழைய லீடர் போனபிறகு நாலு மாதமாக எங்களில் மூத்தவர் ஒருவர்தான் பொறுப்பைப் பார்த்துக்கொண்டார். பதவி தனக்கே வரும் என்று நம்பிக்கொண்டிருந்தார், நாங்களும்தான். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி வாட்ஸப் குழுவில் மேனேஜர் செய்தி போட்டார்: "திங்கள் முதல் புதிய டீம் லீடர் வருகிறார். மிகத் திறமையானவர். அனைவரும் ஒத்துழைக்கவும்." அவ்வளவுதான். மூத்தவருக்கும் அதைப் படித்துத்தான் விஷயம் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தவர், போனைப் பார்த்துவிட்டுக் கயிற்றை மறுபடி கட்ட ஆரம்பித்தார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை போலும்.

எனக்கு வேறு தொல்லை. ஊர்மொழியில் என்றால் வரிகளுக்கு நடுவே இருப்பதையும் படித்துவிடுவேன். இங்கே எழுதியிருப்பது மட்டும்தான் எனக்குப் புரியும். 'ஒத்துழைக்கவும்' என்றால் என்ன செய்யவேண்டும்? நாங்கள் ஏதோ முரண்டு பிடித்ததாக நினைக்கிறாரா? மூன்று தடவை படித்தேன்.

இன்னொரு கூத்து. எல்லோரும் கட்டைவிரலும் வாழ்த்தும் போட்டு முடித்தபிறகு, ஞாயிற்றுக்கிழமைதான் புது லீடரான அந்த அம்மாவை மேனேஜர் குழுவில் சேர்த்தார். எங்கள் குழுவில் பிறகு சேருகிறவருக்குப் பழைய செய்திகள் தெரியாது. தன் அறிமுகமும் வாழ்த்துகளும் அவர் கண்ணில் படவே இல்லை. அவர் "வணக்கம்" என்று போட்டதற்கு ஒருவரும் பதில் போடவில்லை. வாழ்த்தித்தான் ஆயிற்றே என்று நாங்கள் இருந்துவிட்டோம்.

அடுத்த வாரமே அது லீவில் வெடித்தது. ஒருவர் வழக்கம்போல மூத்தவரிடம் கேட்டார், இன்னொருவர் புது லீடரிடம், நான் மேனேஜரிடம். மூன்று பேருக்கும் ஒரே நாள் லீவு கிடைத்தது. அன்று லாரி வந்து நிற்கிறது, பேக்கிங் மேஜையில் ஆள் இல்லை.

மேனேஜர் நல்ல மனுஷர், தப்பை ஒப்புக்கொண்டார். முதலில் மூத்தவரைத் தனியாகக் கூப்பிட்டு அரைமணி நேரம் பேசினார். அப்புறம் இதைப் போட்டார். பெயர்களை எடுத்துவிட்டு மொழிபெயர்த்திருக்கிறேன்:

"முதல் செய்தியை அவசரத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். நம் புதிய லீடர் 6 வருடம் சரக்கு இறக்கும் பிரிவில் ஷிப்ட் லீடராக இருந்தவர். ஷிப்ட் மாற்றம், லீவு, அன்றாட வேலைப் பங்கீடு மூன்றையும் இனி அவரிடமே கேளுங்கள். சம்பளம், ஒப்பந்தம் பற்றியவை என்னிடம். ஏற்கெனவே கொடுத்த லீவு எதுவும் ரத்தாகாது. நாலு மாதம் பொறுப்பைச் சுமந்த நம் மூத்தவர் புதியவர்களுக்குப் பயிற்சி தருவார், அதற்கு அவர் சம்மதித்திருக்கிறார். இரண்டு வாரத்துக்குள் லீடர் உங்கள் ஒவ்வொருவரோடும் கால்மணி நேரம் பேசுவார். அதுவரை வேலைமுறை எதுவும் மாறாது."

கவனித்தாயா, இதில் 'திறமையானவர்' இல்லை. எங்கே, எத்தனை வருடம் என்று சொன்னதே போதுமாக இருந்தது. புகழ்ந்திருந்தால் "அப்போ நாங்க என்ன?" என்று மூத்தவரின் ஆட்கள் முணுமுணுத்திருப்பார்கள். எனக்குப் பெரிய நிம்மதி 'லீவு ரத்தாகாது' என்ற வரிதான், பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டதே.

நீ எழுதும்போது, அந்தப் பதவிக்கு ஆசைப்பட்டவர் யாராவது இருந்தால் முந்தின நாளே நேரில் சொல்லிவிடு. புதியவரைக் கேட்டுக்கொண்டு குழுவில் சேர்த்துவிட்டு, உடனே செய்தியைப் போடு. அவர் நம்பர் எல்லோருக்கும் தெரியப்போகிறது, அதனால்தான் கேட்கச் சொல்கிறேன். ராத்திரியில் போடாதே, சந்தேகம் கேட்க நீ பக்கத்தில் இருக்கும் நேரமாகப் பார். செய்தி போட்ட பிறகும் யாராவது பழக்கதோஷத்தில் உன்னிடமே லீவு கேட்பார்கள். நீயும் பாவம் என்று கொடுத்துவிடுவாய், உன்னைத் தெரியாதா எனக்கு! கொடுத்தால் நீ எழுதின செய்தியை நீயே அழித்த மாதிரி.

ஒன்று சொல்லவேண்டும், மூத்தவர் இன்னும் பழையபடி சிரிப்பதில்லை. வேலையைச் சரியாகச் செய்கிறார், சொல்லியும் தருகிறார். இடைவேளையில் மட்டும் தனியாகப் போய் உட்காருகிறார். அதை இரண்டாவது செய்தியால் சரிசெய்ய முடியவில்லை.

நாளை மறுநாள் எனக்கு அந்தக் கால்மணி நேரப் பேச்சு. கேட்கவேண்டியதை இந்த ஊர் மொழியில் எழுதிவைத்து மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். அம்மாவிடம் நான் ஒழுங்காகத் தூங்குகிறேன் என்று சொல்.

அன்புடன்,
உன் தம்பி