பட்டியலில் இல்லாதவை: பணியிடப் போதைப்பொருள் பரிசோதனைக்கு ஆணையிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

மனிதவளத் துறை, பாதுகாப்புத் துறைப் பொறுப்பாளர்களுக்கும் பணியிட மருத்துவர்களுக்கும்,

வணக்கம். நீங்கள் அனுப்பும் சிறுநீர் மாதிரிகள் வந்து சேரும் ஆய்வகத் தரப்பிலிருந்து எழுதுகிறேன். விபத்து நடக்கிறது, மாதிரி வருகிறது, ‘நெகட்டிவ்’ என்று அறிக்கை போகிறது. பிறகு உங்கள் விசாரணைக் குறிப்பில் ‘ஊழியர் எந்தப் போதைப்பொருளும் எடுத்திருக்கவில்லை என ஆய்வகம் உறுதி செய்தது’ என்று ஒரு வரி ஏறிவிடுகிறது. நாங்கள் அப்படி எதையும் உறுதி செய்யவில்லை. நீங்கள் தேடச் சொன்ன சில பொருள்கள், குறித்த அளவுக்கு மேல், அந்த மாதிரியில் இல்லை என்று மட்டும்தான் சொன்னோம். எல்.எஸ்.டி., கெட்டமின், அண்மைக் காலச் செயற்கைப் பொருள்கள் ஆகியவற்றைப் பற்றி அந்த அறிக்கை வாயே திறக்கவில்லை. ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 1986-ல் அமெரிக்க அதிபர் ரேகன், கூட்டரசு அலுவலகங்களைப் போதைப்பொருள் அற்றவையாக்க ஓர் ஆணை பிறப்பித்தார். அதன்படி 1988-ல் வந்த வழிகாட்டு விதிகள் ஐந்து வகைகளை வைத்தன: கஞ்சா, கோக்கெய்ன், ஆம்ஃபெட்டமின்கள், அபின் வகைகள், முதலில் மயக்க மருந்தாக வந்த பி.சி.பி. இன்று ‘ஐந்து பேனல்’ என்று விற்கப்படுவது இதன் வழித்தோன்றல்தான். திருத்தங்கள் மெதுவாகவே வந்தன. ‘எக்ஸ்டசி’ எனப்படும் எம்.டி.எம்.ஏ. 2010-ல் சேர்ந்தது. வீரியமிக்க வலிநிவாரணியான ஃபென்டனில் கூட்டரசு ஊழியர்களுக்கான பட்டியலில் இடம்பிடிக்க 2025 வரை ஆயிற்று. ‘பத்து பேனல்’ வாங்கினால் கூடுதல் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் அதன் பெட்டியை ஒருமுறை படித்துப் பாருங்கள். பலவற்றில் மெத்தாக்குவலோன் இன்னும் இருக்கிறது; அமெரிக்க மருந்துக் கடைகளிலிருந்து 1980-களிலேயே மறைந்துவிட்ட தூக்க மருந்து அது. கெட்டமினுக்கு இடமில்லாத பட்டியலில் அதற்கு இடம் இருப்பதை எந்த அறிவியலாலும் விளக்க முடியாது. பழக்கத்தால்தான் விளக்க முடியும்.

பட்டியல் பழையது என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி, சோதனை வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. முதல் கட்டச் சோதனை ‘போதை’ என்ற பொதுவான ஒன்றைத் தேடுவதில்லை. ஒரு குறிப்பிட்ட மூலக்கூறின் வடிவத்தைப் பற்றிக்கொள்ளும்படி தயாரிக்கப்பட்ட ஆன்டிபாடிகள்தான் அதன் அடிப்படை. பட்டையில் வரும் கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கோடு விழும் இடத்தில் அந்த மருந்தையே ஒட்டிவைத்திருப்பார்கள். சிறுநீரிலும் அதே மருந்து இருந்தால், நிறமேற்றிய ஆன்டிபாடிகள் வழியிலேயே அதைப் பிடித்துக்கொள்ளும், கோட்டுக்குப் போய் ஒட்ட ஆன்டிபாடி மிஞ்சாது, கோடு தெரியாது, பாசிட்டிவ். சிறுநீரில் பிடிக்க எதுவும் இல்லையென்றால் கோடு பளிச்சென்று வரும், நெகட்டிவ். ஆக, நீங்கள் பார்க்கும் அந்தத் தெளிவான கோட்டின் பொருள், ஆன்டிபாடிகளுக்குச் சிறுநீரில் வேலை கிடைக்கவில்லை என்பதுதான். அவற்றுக்குப் பரிச்சயமில்லாத வேறு நூறு பொருள்கள் அங்கே மிதந்தாலும் கோடு அதே அழகோடு விழும்.

இனி எல்.எஸ்.டி. இதில் பெயர் பட்டியலில் இல்லை என்பதோடு அளவும் ஒரு சிக்கல். மற்றவற்றில் பெரும்பாலானவை மில்லிகிராமில் உடலுக்குள் போகும்போது இது மைக்ரோகிராமில் போகிறது. 100 மைக்ரோகிராம் எடுத்த ஒருவரைக் கணக்குக்கு வைத்துக்கொள்வோம். முதல் 24 மணி நேரத்தில் அதில் ஏறக்குறைய 1 விழுக்காடுதான் மாறாத எல்.எஸ்.டி.யாகச் சிறுநீரில் வெளியேறுகிறது. அதாவது 1 மைக்ரோகிராம், 1000 நானோகிராம். ஒரு நாள் சிறுநீர் ஒன்றரை லிட்டர் என்று கொண்டால், மில்லிலிட்டருக்குச் சராசரியாக 0.7 நானோகிராம்கூட வராது. கஞ்சாவின் முதல் கட்டச் சோதனைக்கு வைத்திருக்கும் வரம்பு மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம். எல்.எஸ்.டி.க்கென்றே தயாரித்த சோதனைகள் 0.5 நானோகிராம் என்ற வரம்பில் இயங்குகின்றன. நம் கணக்கில் வந்த சராசரியே அதை ஒட்டித்தான் நிற்கிறது. ரத்தத்தில் இதன் அளவு மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே போவதால், மாதிரி எடுப்பது தாமதமானால் இந்தச் சராசரியும் கைக்கு வராது.

உடல் எல்.எஸ்.டி.யை மாற்றி வெளியேற்றும் ஒரு பொருள் இருக்கிறது, சுருக்கமாக ஓ-எச்-எல்.எஸ்.டி. என்போம். எடுத்த அளவில் சுமார் 13 விழுக்காடு இந்த வடிவில் வருகிறது. அதே கணக்கைப் போட்டால் மில்லிலிட்டருக்கு 8 நானோகிராமுக்கு மேல் வரும்; தேடுவதற்கு இதுதான் ஏற்ற இலக்கு. ஆனால் பழைய ஆன்டிபாடிகள் எல்.எஸ்.டி.க்கெனத் தயாரானவை. இந்த மாற்றுப் பொருளை அவை சரியாகப் பிடிப்பதில்லை. நம்பகமாகக் காண, மூலக்கூறுகளை அவற்றின் நிறையைக் கொண்டு இனங்காணும் நிறைநிறமாலை அளவி வேண்டும். அதையும் நீங்கள் கேட்டால்தான் செய்வோம். கேட்பதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. அறுவை சிகிச்சையில் ஃபென்டனில் பெற்ற நோயாளிகளின் சிறுநீர், எல்.எஸ்.டி.க்கான ஆன்டிபாடிச் சோதனை ஒன்றில் தவறாகப் பாசிட்டிவ் காட்டியது பதிவாகியிருக்கிறது. உறுதிப்படுத்தும் சோதனை இல்லாமல் இதை வைத்து ஒருவர் மீது நடவடிக்கை எடுப்பது அநியாயம். அமெரிக்க ராணுவம் எல்.எஸ்.டி.யை முறையாகத் தேடிவந்தது. மிகச் சில பாசிட்டிவ்களே வருவதால் 2006-ன் இறுதியில் நிறுத்தி, 2020-ல் மீண்டும் தொடங்கியது. கிடைப்பது குறைவு, செலவு அதிகம் என்ற கணக்குதான் நிறுத்தியதற்குக் காரணம்.

கெட்டமினுக்கு இந்த அளவுச் சிக்கல் கிடையாது. மில்லிகிராம் கணக்கில் எடுக்கப்படுகிறது; சிறுநீரில் அதுவும் அதன் மாற்றுப் பொருளான நார்கெட்டமினும் தாராளமாகவே கிடைக்கும். கண்டுபிடிக்கக் கடினமான பொருளே அல்ல. அப்படியும் தப்புகிறதென்றால், யாரும் கேட்கவில்லை என்பதே காரணம். ‘எங்கள் பேனலில் பி.சி.பி. இருக்கிறதே, கெட்டமின் அதன் உறவுதானே, மாட்டாதா?’ என்று பணியிட மருத்துவர்கள் கேட்பதுண்டு. ஒரே வேதிக் குடும்பம்தான்; 1962-ல் பி.சி.பி.க்கு மாற்றாகத்தான் கெட்டமின் உருவாக்கப்பட்டது. ஆனால் ஆன்டிபாடிக்குக் குலம் கோத்திரம் தெரியாது. பி.சி.பி.யில் உள்ள பிப்பெரிடின் வளையம் கெட்டமினில் இல்லை; கெட்டமினில் உள்ள குளோரினும் கீட்டோன் தொகுதியும் பி.சி.பி.யில் இல்லை. வடிவம் மாறியதும் பிடி விட்டுப்போகிறது. இதே பி.சி.பி. சோதனையை இருமல் மருந்தில் உள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனும் மனச்சோர்வுக்குத் தரும் வென்லாஃபாக்சினும் ஏமாற்றியிருக்கின்றன. சொந்தக்காரனை விட்டுவிட்டு வழிப்போக்கனைப் பிடிப்பது என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

கெட்டமினைச் சேர்க்க முடிவு செய்தால், அது 1970 முதல் ஒப்புதல் பெற்ற மயக்க மருந்து என்பதையும், மனச்சோர்வுக்கு எஸ்கெட்டமின் மூக்குத் தெளிப்பானாகத் தரப்படுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். பாசிட்டிவ் வந்தால் அந்த ஊழியரிடம் முதலில் பேச வேண்டியவர் மருத்துவர், மேலாளர் அல்ல.

புதிய செயற்கைப் பொருள்களில் பட்டியல் என்ற முறையே தடுமாறுகிறது. செயற்கைக் கஞ்சா என்று பெயர் பெற்றவை மூளையில் கஞ்சாவின் அதே ஏற்பியைத்தான் தொடுகின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேதி அமைப்பில் கஞ்சாவோடு ஒட்டு உறவு இல்லை. கஞ்சா பேனல் அவற்றைப் பார்ப்பதே இல்லை. 2008-ன் இறுதியில் ஜெர்மனியில் ‘ஸ்பைஸ்’ என்ற மூலிகைப் பொட்டலத்தில் ஜே.டபிள்யூ.எச்-018 கண்டறியப்பட்டது. பல நாடுகள் அதைத் தடை செய்தன. அதற்கான ஆன்டிபாடிகளும் வந்தன. தயாரிப்பாளர்கள் ஒரு ஃபுளோரின் அணுவைச் சேர்த்து ஏ.எம்-2201 என்று கொண்டுவந்தார்கள். உடலில் அது ஜே.டபிள்யூ.எச்-018-ன் மாற்றுப் பொருள்களாகவே உடைந்ததால் சோதனை தாக்குப்பிடித்தது. அடுத்தடுத்து வந்தவை மூலக்கூறின் எலும்புக்கூட்டையே மாற்றின, சோதனை குருடானது.

2016 ஜூலை 12 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் 33 பேர் தெருவில் நிலைகுத்திய பார்வையோடு தடுமாறிச் சரிந்தார்கள். 18 பேரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். எட்டுப் பேரின் ரத்த, சிறுநீர் மாதிரிகளும் அவர்கள் பயன்படுத்திய மூலிகைப் பொட்டலமும், பொதுவாகத் தேடவல்ல உயர் துல்லிய நிறைநிறமாலை அளவி வைத்திருந்த பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றுக்குப் போயின. பொட்டலத்தில் இருந்தது ஏ.எம்.பி-ஃபுபினாகா என்ற செயற்கைக் கஞ்சா. ஆனால் நோயாளிகளின் ரத்தத்தில் அந்தப் பொருளே கிடைக்கவில்லை. உடல் அதை அமிலமாக மாற்றிவிட்டிருந்தது. அந்த அமிலம் எட்டுப் பேரிடமும் இருந்தது. பொருளின் பெயர் தெரிந்து அதை மட்டும் தேடியிருந்தால்கூட ரத்தத்தில் எதுவும் அகப்பட்டிருக்காது. உடலில் அது என்னவாக மாறும் என்பதும் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. நம் வழக்கமான பேனல் இந்த இரண்டு படிகளுக்கும் வெகு தொலைவில் நிற்கிறது.

இதற்கு நேர்மாறான ஒரு வகையும் உண்டு. உங்களுக்கு அதிகம் தெரியவராதது அதுதான். ஃபுளுவால்பிரசோலம் போன்ற புதிய பென்சோடையசெப்பின்கள், அதாவது பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரும் மருந்துகளின் குடும்பத்தைச் சேர்ந்தவை, பழைய மருந்துகளை ஒத்திருப்பதால் முதல் கட்ட ஆன்டிபாடியில் சிக்குகின்றன. மாதிரி உறுதிப்படுத்தலுக்குப் போகிறது. அங்கே நிறைநிறமாலை அளவி, முன்கூட்டியே ஊட்டப்பட்ட பட்டியலில் உள்ள மூலக்கூறுகளின் நிறைகளை மட்டுமே பார்க்கிறது. இது அதில் இல்லை. ஆகவே ‘உறுதியாகவில்லை’, அறிக்கையில் ‘நெகட்டிவ்’. ஒரு கருவி கையை உயர்த்தியதும், இன்னொன்று அதை இறக்கிவிட்டதும் உங்கள் மேசைக்கு வருவதே இல்லை. முதல் கட்டத்தில் வந்தது பொய்யான பாசிட்டிவாகவும் இருக்கலாம், புதிய பொருளாகவும் இருக்கலாம். கூடுதல் சோதனை இல்லாமல் பிரித்தறிய முடியாது.

எல்லா மாதிரிகளையும் உயர் துல்லியக் கருவியில் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. செலவு ஒருபுறம் இருக்க, ஒப்பிட்டு உறுதி செய்யத் தூய மாதிரிப் பொருள் கையில் இல்லாமல் ஒரு புதிய பெயரை அறிக்கையில் எழுத முடியாது. எழுதினால் விசாரணையில் நிற்காது. நான் கேட்பது சிறியவை. எந்தெந்தப் பொருள்கள், எந்த வரம்பில் தேடப்பட்டன என்பதை அறிக்கையோடு கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். ஒருவர் தெளிவின்றி நடந்துகொண்டு, அறிக்கை நெகட்டிவாக வந்தால், அந்த நடத்தையை நேரில் பார்த்தவரின் குறிப்பை அறிக்கை அழித்துவிட்டதாகக் கொள்ளாதீர்கள். சர்க்கரை தாழ்ந்ததா, வலிப்பா, தலையில் அடியா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நெகட்டிவ் வந்தவரிடம் காரணம் இவற்றில் ஒன்றாகவும் இருக்கலாம். பெரிய விபத்து என்றால், மாதிரியை எங்களிடம் உறைநிலையில் வைத்திருக்கச் சொல்லி அன்றே எழுதுங்கள். நெகட்டிவ் மாதிரிகள் சில நாள்களிலேயே அழிக்கப்படுவது வழக்கம். எதைத் தேடுவது என்று உங்களுக்குத் தோன்றும்போது எங்களிடம் தேட எதுவும் இருக்காது.

இப்படிக்கு,
ஒரு நச்சியல் ஆய்வகப் பணியாளர்