வெண்ணெய் எவ்வளவு இளக வேண்டும்?

அன்புள்ள கல்யாணி,

கடிதமும் படமும் வந்தன. கேக் துண்டின் அடியில் அரை விரல் கனத்துக்குக் களி போல ஒரு பட்டை தெரிகிறதே, அதற்கு ஓவன் காரணமில்லை என்றுதான் நினைக்கிறேன். வெண்ணெய் அதிகமாக இளகியிருக்கும். "அறை வெப்பநிலையில் உள்ள வெண்ணெய்" என்று குறிப்பில் எழுதுகிறவர்களின் அறை 20 டிகிரி. மே மாதத்துச் சென்னையில் உன் சமையலறை 33 டிகிரி இருக்கும்.

வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிப்பது வெறுமனே கலப்பதற்காக இல்லை. சர்க்கரைப் பரல்களின் முனைகள் வெண்ணெயைக் கீறும்போது சின்னச் சின்னக் காற்றறைகள் உண்டாகின்றன. பேக்கிங் பவுடர் புதிதாக ஒரு குமிழியைக்கூட உண்டாக்காது. ஏற்கெனவே இருக்கும் அறைகளை ஊதிப் பெரிதாக்கும், அவ்வளவுதான். இந்த அறைகள் கலையாமல் நிற்க, வெண்ணெயின் கொழுப்பில் ஒரு பகுதியாவது கெட்டியாக இருக்க வேண்டும். 18 முதல் 20 டிகிரியில் அப்படி இருக்கும். 25-ஐத் தாண்டினால் மிகவும் இளகிப்போய், அடிக்க அடிக்கக் காற்று வெளியேறிவிடும். கேக் தாழ்ந்து, பிசுபிசுத்து, உள்ளே நெருக்கமாகிவிடும். 12 டிகிரியில் அடித்தாலோ சர்க்கரை கீற முடியாது. வெண்ணெய் கட்டிகட்டியாக நின்று, வெந்த கேக்கில் அங்கங்கே பெரிய ஓட்டைகள் விழும்.

200 கிராம் உப்பில்லாத வெண்ணெயைப் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஒரு விரல் கனத் துண்டுகளாக்கித் தட்டில் பரப்பு. உன் வீட்டுச் சூட்டுக்குப் பத்து நிமிடத்திலேயே பார்க்க ஆரம்பி. விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் விரல் வழுக்கிக்கொண்டு உள்ளே போகக் கூடாது. மேலே பளபளப்பு வந்தால் எல்லை தாண்டிவிட்டது. மைக்ரோவேவ் வேண்டாம், வெளியே கெட்டியாக இருக்க நடுவில் உருகிவிடும். ஒருமுறை உருகியதை ஃப்ரிட்ஜில் வைத்துக் கெட்டியாக்கினாலும் பழைய பதம் வராது. அதைப் பருப்புக்கு வைத்துக்கொள்.

நம் கடைச் சர்க்கரையின் பரல் பெரிது. 200 கிராமை மிக்ஸியில் இரண்டு சுற்று மட்டும் விடு. மாவாக அரைத்தால் கீற முனை இருக்காது. பீட்டர் சுழலும் உரசலிலேயே இரண்டு மூன்று டிகிரி ஏறிவிடும். அதனால் 17-இல் தொடங்கி நடுவேகத்தில் நாலைந்து நிமிடம் அடி. மஞ்சள் வெளுத்து, கலவை பாத்திர ஓரத்தில் ஒட்டி நின்றால் போதும். இடையில் பளபளத்தால் பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் ஒரு நிமிடம் வைத்துவிட்டு மறுபடி அடி.

முட்டையிலும் கவனம் வேண்டும். நேரே ஃப்ரிட்ஜிலிருந்து ஊற்றினால் வெண்ணெய் இறுகித் திரிந்துவிடும். உடைத்துக் கலக்கி, 20 டிகிரிக்கு வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர். திரியத் தொடங்கினால் அளந்து வைத்த மைதாவிலிருந்து ஒரு கரண்டி போட்டு அடி, கூடிவிடும்.

குட்டியின் பிறந்தநாளுக்கு முன்பே ஒன்று செய்து, வெட்டிய பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
வசந்தா